வாளை கவ்விய பழம்: ஒரு திறனாய்வுக் கட்டுரை ஆங்கிலத்துக்குப் போன விதம்

உள்ளுறை உவமம் பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையை ஓர் ஆங்கிலத் தொகுப்பு நூலுக்காக மொழிபெயர்த்தேன். எழுதியவர் வேலூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர். சத்துவாச்சாரியில் அவர் வீட்டில் உட்கார்ந்து வரிக்கு வரி பேசித்தான் இந்த வேலை நடந்தது. கட்டுரையில் தொல்காப்பிய நூற்பாக்கள், சங்கப் பாடல்கள், குறள் என்று பல மேற்கோள்கள் உண்டு. ஆனால் கட்டுரையின் உயிர் குறுந்தொகையின் எட்டாம் பாடலில் இருக்கிறது. அந்த ஒரு பாடலும் அதைச் சுற்றியுள்ள சில கலைச்சொற்களும் எப்படி ஆங்கிலமாயின என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பாடல் ஆலங்குடி வங்கனார் பாடியது. மருதத்திணை.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மிற்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

பேசுகிறவள் காதற்பரத்தை. தலைவனைத் தான் வளைத்துப் போட்டதாகத் தலைவி குறை சொன்னாள் என்று கேள்விப்பட்டு, தலைவியின் பக்கத்தவர் காதில் விழும்படி பதில் சொல்கிறாள். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை மாதிரி, மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான். இது வெளிப்படையாகச் சொன்னது. முதல் இரண்டு அடியில் சொல்லாமல் சொன்னது வேறு. கழனி ஓரத்து மாமரத்தில் பழம் முற்றித் தானாக உதிர்கிறது. குளத்து வாளை அதைக் கவ்விக்கொள்கிறது. பழம் தலைவன், வாளை அவள். நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனாக வந்தான் என்பது அவளுடைய வாதம்.

பேராசிரியர் கட்டுரையின் மையக் கருத்து இதுதான்: இந்தப் பாடலில் இரண்டு உவமைகள் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று ‘போல’ என்ற உருபோடு வெளிப்படையாக வரும் ஆடிப்பாவை. அதைக் கொண்டு அவள் அவனைக் கேலி செய்கிறாள். இன்னொன்று உருபே இல்லாமல் ஊரனுக்கு அடைமொழியாக நிற்கும் பழமும் வாளையும். அதைக் கொண்டு அவள் தன்னைக் காத்துக்கொள்கிறாள். தாக்குதல் வெளியே தெரிகிறது, தற்காப்பு உள்ளே இருக்கிறது. ‘உள்ளுறை உவமம் ஏனை உவமம்’ என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் பிரித்த பிரிவை ஒரே பாட்டுக்குள் வைத்துக் காட்டுகிறார்.

இந்த வாதம் ஆங்கிலத்திலும் நிற்க வேண்டும் என்றால், பாடலின் மொழிபெயர்ப்பு அழகாக இருந்தால் போதாது. திறனாய்வுக் கட்டுரையில் மேற்கோள் என்பது சான்று. ‘இந்தச் சொல்லைப் பாருங்கள்’ என்று விமர்சகர் கையை நீட்டும் இடத்தில் அந்தச் சொல் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அதனால் எந்த மேற்கோளையும் தொடுவதற்கு முன், அது கட்டுரையில் எதை நிரூபிக்க வந்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டேன். எட்டாம் பாடலுக்கு எழுதியது: ‘உகு என்பதில் வாதம். பழம், மீன், ஆள் என்ற வரிசை மாறக் கூடாது. முதல் இரண்டு அடியில் உவம உருபு வரக் கூடாது.’ மொழிபெயர்ப்பில் பின்னால் வந்த சண்டைகள் எல்லாம் இந்தக் குறிப்பை வைத்துத்தான் தீர்ந்தன.

முதலில் மூலபாடம்

கட்டுரை முதலில் ஒரு சிற்றிதழில் வந்தது. அந்த அச்சில் அளபெடைகள் விழுந்திருந்தன. ‘மாஅத்து’ என்பது ‘மாத்து’ என்றும், ‘கதூஉம்’ என்பது ‘கதூம்’ என்றும் இருந்தன. ஆங்கிலத்தில் போகப்போகிற பாட்டுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். ஆனால் தொகுப்பில் பாடலின் ஒலிபெயர்ப்பும் வருகிறது. ‘கதூஉம்’ நிரையும் நேருமாக ஈரசைச் சீர். உகரத்தை எடுத்துவிட்டால் ஓரசை ஆகி அடியே நொண்டும். யாப்பு அறிந்த வெளிநாட்டு வாசகர் ஒருவர் எண்ணிப் பார்த்தால் பிழை வங்கனார் தலையில் விழும்.

உ.வே.சா. 1937இல் வெளியிட்ட பதிப்பை வைத்துப் பாடத்தைச் சரிசெய்தோம். அதற்கு முன்பே, 1915இல், குறுந்தொகையை முதன்முதலில் உரையோடு அச்சுக்குக் கொண்டுவந்தவர் சௌரிப்பெருமாள் அரங்கன். அவர் வாணியம்பாடியில் தமிழாசிரியராக இருந்தவர். வடார்க்காட்டு மண்ணில் உட்கார்ந்து குறுந்தொகைக்கு உரை எழுதிய அந்த மனிதரின் பெயர் இந்தப் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. பேராசிரியர் தன் கட்டுரையில் அவரை ஒரு வரியில் சொல்லியிருந்தார். ஆங்கிலத்தில் அதை இரண்டு வரியாக்கி, ஊரையும் ஆண்டையும் சேர்க்கச் சம்மதம் வாங்கிக்கொண்டேன்.

தொல்காப்பிய நூற்பாக்களில் வேறொரு சிக்கல். நூற்பா எண் உரைக்கு உரை மாறும். இளம்பூரணர் பிரித்ததும் நச்சினார்க்கினியர் பிரித்ததும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. கட்டுரையில் வெறும் எண் மட்டும் இருந்த இடங்களில் இயலின் பெயரையும் யார் உரைப்படி என்பதையும் சேர்த்தோம். இறைச்சி என்ற குறிப்புப் பொருளைப் பற்றிய நூற்பாவில் பாடமே இரண்டு: ‘பொருட்புறத்ததுவே’ என்றும் ‘உரிப்புறத்ததுவே’ என்றும் வழங்குகிறது. பேராசிரியர் முன்னதைக் கொண்டு வாதிடுகிறார். இங்கே மொழிபெயர்ப்பாளர் தனக்குக் கையில் கிடைத்த பதிப்பைப் பார்த்து ‘திருத்தி’விட்டால், கட்டுரையின் அடுத்த இரண்டு பத்திகளுக்குப் பொருளே இருக்காது. விமர்சகர் எந்தப் பாடத்தில் நிற்கிறாரோ அதிலேயே நின்று, மற்றப் பாடம் உண்டு என்பதை அடிக்குறிப்பில் சொன்னேன்.

பாடல் ஆங்கிலமான விதம்

தொகுப்பின் பதிப்பாசிரியர் முதலில் ஒரு சுருக்குவழி சொன்னார். ஏ. கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட தொகுப்பில் இந்தப் பாடல் இருக்கிறது, அனுமதி வாங்கி அதையே போட்டுவிடலாமே என்றார். ராமானுஜனின் மொழிபெயர்ப்பு கவிதையாகவே நிற்கும். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் அதில் முதலில் அவன் வருகிறான், அப்புறம் மீன், அப்புறம் மாம்பழம். பேராசிரியர் கட்டுரையிலோ ஒரு முழுப் பத்தி வரிசையைப் பற்றியது. கேட்கிறவர் மனத்தில் முதலில் பழம் விழுகிறது, பிறகு மீன் வாய் திறக்கிறது, அதற்கெல்லாம் பிறகுதான் ‘ஊரன்’ என்று ஆள் வந்து நிற்கிறான். ஆள் வருவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்கிறார். அந்தப் பத்திக்கு மேலே வரிசை தலைகீழாக உள்ள பாடலை வைக்க முடியாது. வேறொருவர் மொழிபெயர்ப்பைக் கடன் வாங்கலாமா கூடாதா என்பதை இதை வைத்தே முடிவு செய்தேன்: மேற்கோளுக்குக் கீழே வரும் பத்தி, மேற்கோளில் இல்லாத ஒன்றைப் பேசுகிறதா என்று பார்த்தால் போதும்.

சரி, நாமே செய்யலாம் என்று உட்கார்ந்தால் ஆங்கில இலக்கணம் குறுக்கே வருகிறது. தமிழில் அடைமொழித் தொடர் பெயருக்கு முன்னால் வரும். ‘பழத்தை வாளை கவ்வும் ஊரன்’ என்றால் பழமும் வாளையும் ஊரனுக்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஆளை முதலில் சொல்லிவிட்டுத்தான் அவன் எப்படிப்பட்ட ஊரைச் சேர்ந்தவன் என்று தொடர முடியும். வரிசையைக் காப்பாற்ற எளிய வழி ஒன்று உண்டு. ‘பழம் உதிர்கிறது. வாளை கவ்வுகிறது. அந்த ஊர்க்காரன் இவன்’ என்று மூன்று தனி வாக்கியமாக்கிவிடலாம். அப்படி ஒரு வடிவம் எழுதிப் பேராசிரியரிடம் படித்துக் காட்டினேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “வரிசை வந்துடுச்சிம்மா. ஆனா உள்ளுறை வெளியே வந்துடுச்சே” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உள்ளுறை பெயரெச்சத்துக்குள் ஒடுங்கி நிற்பதுதான் அதன் தந்திரம். அவள் ‘பழம் உதிர்ந்தது’ என்று ஒரு செய்தியாகச் சொல்லவில்லை. ஊரனை அடையாளம் காட்டும் சாக்கில் போகிற போக்கில் சொல்கிறாள். யாராவது மடக்கிக் கேட்டால், ‘நான் ஊரைத்தானே சொன்னேன்’ என்று நழுவலாம். தனி வாக்கியமாக்கினால் அது கூற்றாகிவிடுகிறது, நழுவ இடமில்லை. ஆக வரிசையும் வேண்டும், அடைமொழியாக அடங்கியும் இருக்க வேண்டும்.

வழி கிடைத்தது ஊரை முதலில் வைத்ததில். ‘ஃப்ரம் எ டவுன் வேர்’ என்று ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கினால், ‘இன்ன ஊரிலிருந்து’ என்ற தொடருக்குள் பழமும் மீனும் அதே வரிசையில் அடங்கிவிடுகின்றன. ஆள் மூன்றாவது வரியில்தான் வருகிறான். எழுவாய் இவ்வளவு தள்ளி வருவது ஆங்கிலத்தில் சற்றுத் தாமதமாகத் தெரியும். அந்தத் தாமதம் இங்கே நமக்குத் தேவையானதுதான். இழந்தது ஒன்று உண்டு: தமிழில் ‘ஊரன்’ என்று ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் ஊர் என்றும் ஆள் என்றும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நாடன் என்றால் குறிஞ்சி, சேர்ப்பன் என்றால் நெய்தல், ஊரன் என்றால் மருதம் என்று சொல்லிலேயே திணை இருப்பது அதனால் போனது. விமர்சகர் ஊரன் என்ற சொல்லைப் பற்றிப் பேசும் பத்தியில் அதை ஒலிபெயர்த்து வைத்து, வாக்கியத்துக்குள்ளேயே விளக்கம் கொடுத்தேன்.

அடுத்தது ‘உகு’. உதிர்கிற என்று பொருள். இந்தச் சொல்லில்தான் அவள் நிரபராதி என்பதற்கான சாட்சி இருக்கிறது. ஆங்கில வரைவை, கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் தோழி ஒருவரிடம் கொடுத்தேன். அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. சங்கப் பாடல் படித்தவர் இல்லை. கட்டுரையைக் காட்டாமல் பாடலையும், பேசுகிறவர் யார், எந்தச் சூழலில் என்று சொல்லும் கூற்றுக் குறிப்பையும் மட்டும் கொடுத்து, ‘இதில் மீன் யார்?’ என்று கேட்டேன். “அவன்தான். கிடைத்ததையெல்லாம் கவ்வுகிறவன்” என்றார்.

காரணத்தைத் தேடினால் இரண்டு இடத்தில் இருந்தது. உதிர்வதைக் குறிக்க நான் வைத்திருந்த சொல், பழத்துக்கு வெறும் பெயரடையாக, ‘விழுந்த பழம்’ என்ற அளவில் நின்றது. கவ்வுவதற்கு வைத்த வினையோ வேட்டை விலங்குக்கு உரியது. அதனால் கனம் முழுக்க மீன் பக்கம் சாய்ந்திருந்தது. போதாததற்கு வாளைக்கு இந்திய ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே ‘நன்னீர்ச் சுறா’ என்ற பொருள் தருவது. சுறா என்ற சொல் வந்துவிட்டால் பிறகு யார் அதைத் தற்காப்பு என்று நம்புவார்கள்?

மாற்றம் இப்படிச் செய்தேன். மரத்தை எழுவாயாக்கி, பழம் முற்றியதும் மரமே அதை நழுவ விடுகிறது என்று ஒரு முழு வினை கொடுத்தேன். மீனுக்கு, வாயில் வாங்கிக்கொள்வது என்ற அளவில் ஒரு வினை. ‘கதூஉம்’ என்பதில் ஒரு விரைவு இருக்கிறது என்பது உண்மை. அந்த விரைவில் பாதி போய்விட்டது. உதிர்வதும் கவ்வுவதும் சம எடையில் நிற்க வேண்டும் என்பதற்காக அந்த இழப்பை ஏற்றுக்கொண்டேன். வாளையை ‘வாளை’ என்றே ஒலிபெயர்த்து, ‘குளத்து மீன்’ என்று கூடவே சொன்னேன். வாளை என்ற பெயரில் கடல் மீனும் உண்டு. அகராதியைப் பார்த்து அதன் ஆங்கிலப் பெயரைப் போட்டால் மருதத்துக்குள் நெய்தல் வந்துவிடும். சில வாரம் கழித்துத் தோழியிடம் புதிய வடிவத்தைக் கொடுத்துக் கேட்டபோது, “மீன் பேசுகிறவள்தான். ஆனால் அவள் ஒன்றும் செய்யவில்லையே, அதுவாக விழுந்தது” என்றார். பேராசிரியர் இரண்டு பக்கம் எழுதி நிறுவுவதை அவர் பாடலிலிருந்தே எடுத்துவிட்டார். மேற்கோள் வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது: கட்டுரையை மறைத்துவிட்டு மேற்கோளை மட்டும் கொடுத்துக் கேட்பது.

‘கழனி’ என்ற சொல்லில் சிரமம் இருக்கவில்லை. தெற்கே வயல் என்பார்கள். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் கழனிதான். ‘கழனிக்குப் போயிருக்காங்க’ என்றால் நெல் விளையும் நிலம் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆகவே நெல்வயல் என்று ஆங்கிலத்தில் தயக்கமில்லாமல் போட்டேன்.

ஐந்தாம் அடியில் ஒரு சின்ன விஷயம், ஆனால் கட்டுரைக்கு முக்கியம். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராக வரும். ‘ஆடிப் பாவை போல’ அந்தக் குறுகிய அடி. மற்ற அடிகளைவிட ஒரு சீர் குறைந்து நிற்பதால் ‘போல’ என்ற உருபு தனியாகக் காதில் விழுகிறது என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்திலும் அந்த அடியைக் குட்டையாகவே விட்டேன். ‘தன் புதல்வன் தாய்’ என்பதை மனைவி என்று சுருக்கவில்லை. அவள் மனைவி என்ற சொல்லைச் சொல்ல மறுக்கிறாள் என்பது கட்டுரையின் கடைசிப் பகுதியில் வரும் கருத்து.

கலைச்சொற்கள்: எதை விடுவது, எதைப் பெயர்ப்பது

எல்லாக் கலைச்சொல்லையும் அப்படியே விட்டால் ஆங்கில வாசகர் இரண்டாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். எல்லாவற்றையும் பெயர்த்தால் தமிழ்க் கவிதையியல் என்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாமல் போகும். விமர்சகர் ஒரு சொல்லைக் கருவியாகப் பயன்படுத்துகிறாரா, வெறும் பெயராகச் சொல்கிறாரா என்று பார்த்துப் பிரித்தேன். யாப்பு, அடி, சீர், உவமை ஆகியவை கட்டுரையில் வெறும் பெயர்கள். ஆங்கிலச் சொற்கள் போதும். திணை, உள்ளுறை, இறைச்சி, கருப்பொருள் ஆகியவை வாதத்தைச் சுமப்பவை, ஒலிபெயர்ப்பில் நின்றன. முதல்முறை வரும்போது அதே வாக்கியத்துக்குள் விளக்கம், பிறகு விளக்கம் இல்லை.

உள்ளுறைக்கு ‘மெட்டஃபர்’ என்றோ ‘சிம்பல்’ என்றோ போடும்படி பதிப்பகத்தில் கேட்டார்கள். இரண்டுமே கட்டுரையைக் கெடுத்துவிடும். உள்ளுறை கருப்பொருளை நிலமாகக் கொண்டே வரும். அதிலும் தெய்வத்தை நீக்கிவிட வேண்டும் என்று தொல்காப்பியம் எல்லை வகுக்கிறது. ‘உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலமெனக் கொள்ளும்’ என்பது நூற்பா. மரம், மீன், பறவை, விலங்கு என்று அந்தத் திணைக்குரியவற்றில்தான் அது விளையும். ‘சிம்பல்’ என்றால் எதுவும் எதற்கும் நிற்கலாம் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். பிறகு பேராசிரியர் ‘இது உள்ளுறை, அது இல்லை’ என்று பிரித்துக் காட்டும்போது, இவர் ஏன் இப்படிக் கறாராகப் பேசுகிறார் என்றுதான் தோன்றும்.

இறைச்சியில் இன்னும் கவனம் வேண்டியிருந்தது. அன்றாடத் தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். கலைச்சொல்லாக, கருப்பொருளின் புறத்தே தோன்றும் குறிப்புப் பொருள். ஆங்கில நூல்களில் இதற்குப் பெரும்பாலும் ‘சஜஷன்’ என்று போடுகிறார்கள். வடமொழித் ‘தொனி’க்கும் அதே ஆங்கிலச் சொல்தான் வழக்கில் இருக்கிறது. பேராசிரியர் கட்டுரையில் ஒரு முழுப் பகுதி, இறைச்சியைத் தொனியோடு ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது என்று வாதிடுவது. இரண்டுக்கும் ‘சஜஷன்’ என்றே போட்டிருந்தால், ஒரு பொருள் அந்தப் பொருளாக இல்லை என்று அவர் சொன்னதாக அச்சில் வந்திருக்கும். அந்தப் பகுதியில் இரண்டு சொல்லையும் ஒலிபெயர்ப்பிலேயே வைத்தேன். ‘சஜஷன்’ என்ற ஆங்கிலச் சொல் கட்டுரை முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: இரண்டையும் அப்படிப் பெயர்க்கும் வழக்கத்தை அவர் குறிப்பிடும் வாக்கியத்தில்.

பரத்தை என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே பல சொற்கள் இருக்கின்றன. அவற்றில் சில அவளைப் பேச விடாமலேயே தண்டித்துவிடுகின்றன. தன்மேல் சொன்ன பழிக்குப் பதில் சொல்கிற ஒருத்தியின் பாட்டுக்கு மேலே அந்தப் பழியையே பெயராக எழுதி வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பரத்தை என்றே விட்டு, தலைவன் மணத்துக்கு வெளியே உறவு வைத்திருக்கும் பெண் என்று விளக்கினேன். கூற்றுக் குறிப்பைப் பாடலின் தலைப்பாக வைக்கும் பழக்கமும் ஆங்கிலத்தில் உண்டு. கூற்றுக் குறிப்பு பாடியவர் எழுதியதில்லை, பின்னால் சேர்ந்தது என்று பேராசிரியர் அழுத்திச் சொல்கிறார். தலைப்பில் வைத்தால் அது புலவர் வாக்காகிவிடும். பாடலுக்குக் கீழே, சிறிய எழுத்தில் வைத்தோம்.

மேற்கோள் குறி இல்லாமல் உரைநடைக்குள் கரைந்து கிடக்கும் பழைய வரிகளும் இருந்தன. உள்ளுறையை எல்லை மீறி விரித்து, ஒவ்வொரு இலைக்கும் ஒரு பொருள் சொல்லும் உரைகாரர்களைப் பற்றி, ‘நுனிக்கொம்பர் ஏறிய பின்னும் நிற்காதவர்கள்’ என்று எழுதியிருந்தார். தமிழ் வாசகருக்கு வலியறிதல் அதிகாரத்துக் குறள் உடனே காதில் கேட்கும். ‘உயிர்க்கிறுதி ஆகி விடும்’ என்ற பின்பாதியையும் அவரே நிரப்பிக்கொள்வார். ஆங்கிலத்தில் அது வெறும் மரமேறும் படமாக நின்றுவிடும். ‘குறள் சொல்வது போல’ என்று வாக்கியத்துக்குள் சேர்த்து, விழுந்து சாவதையும் சில சொற்களில் சொன்னேன். இந்த மாதிரி இடங்களைக் கண்டுபிடிக்க, கட்டுரையை யாராவது உரக்கப் படிக்கக் கேட்பது உதவுகிறது. நடை திடீரென்று பழையதாக ஒலிக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு மேற்கோள் ஒளிந்திருக்கிறது.

அச்சுப்படியில் வந்த ஆபத்து

பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்த படியில் இரண்டு மாற்றம் இருந்தது. முதலாவது, மொழி திருத்தியவர் முதல் இரண்டு அடிக்கும் மூன்றாம் அடிக்கும் தொடர்பு புரியவில்லை என்று, ‘அது எப்படியோ அப்படியே’ என்ற பொருளில் ஓர் இணைப்பைச் சேர்த்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். ஆனால் ஒரே சொல்லில் உள்ளுறை உவமம் ஏனை உவமம் ஆகிவிட்டது. கட்டுரையின் கருத்துக்கு மேற்கோளே எதிர்சாட்சி. நீக்கச் சொன்னதோடு, அந்த இடத்தில் உவம உருபு எதுவும் வரக் கூடாது என்பதற்கான காரணத்தையும் எழுதி அனுப்பினேன். காரணம் சொல்லாமல் நீக்கினால் அடுத்த படியில் வேறொருவர் மறுபடி சேர்ப்பார்.

இரண்டாவது எழுத்துகளில். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றினோம். அதில் ளகரத்துக்கு ஆங்கில எல் எழுத்தின் கீழே புள்ளி, ழகரத்துக்குக் கீழே கோடு. அச்சுக்குப் போன கோப்பில் எழுத்துரு மாறியதில் புள்ளியும் கோடும் நெடில் குறியும் சில பக்கங்களில் காணாமல் போயின. அப்படிப் போனால் வாளையும் வாழையும் வலையும் ஒரே எழுத்தாக நிற்கும். கழனி, பழன என்ற எதுகையைப் பேசும் பத்தியில் ழகரம் லகரமாகி, எதுகை இருந்தும் எழுத்து தவறாக இருந்தது.

கண்ணால் பார்த்து இதைப் பிடிப்பது கஷ்டம். கோப்பில் தேடலாம். ளகரத்துக்கு `U+1E37`, ழகரத்துக்கு `U+1E3B`, றகரத்துக்கு `U+1E5F`, னகரத்துக்கு `U+1E49`. என் மூலக் கோப்பில் ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று தேடி, அச்சுப்படியில் அதே எண்ணிக்கை வருகிறதா என்று ஒப்பிட்டேன். குறைந்த இடத்தில்தான் இழப்பு. இதிலும் ஒரு கண்ணி உண்டு. கோட்டைத் தனி அடையாளமாக, `U+0331` என்று, எழுத்தோடு ஒட்டி வைக்கும் கோப்புகள் இருக்கின்றன. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. எண்ணிக்கை சுழியம் என்று வந்தால் உடனே இழந்துவிட்டது என்று பதறாமல், அதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்கலை முன்வைத்துத்தான் எட்டாம் பாடலுக்கு மட்டும் தமிழ் எழுத்தையே பக்கத்தில் அச்சிடச் சம்மதித்தார்கள். மற்ற மேற்கோள்களுக்கு ஒலிபெயர்ப்போடு நிறுத்திக்கொண்டோம்.

தீராமல் நின்றது எதுகைப் பத்தி. எம்மில், தம்மில் என்று மூன்றாம் அடியின் தொடக்கமும் முடிவும் ஒன்றோடொன்று மோதுவதையும், எங்கள் வீடு, அவர்கள் வீடு என்று இரண்டு வீடுகளும் ஒரே அடிக்குள் நிற்பதையும் பேராசிரியர் அழகாக எழுதியிருந்தார். இரண்டு வீடுகளையும் ஒரே அடிக்குள் ஆங்கிலத்திலும் நிறுத்த முடிந்தது, ஓசையை முடியவில்லை. பத்தியை நீக்கிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். “வேணாம்மா. பாட்டுல இருக்குது, அவங்களுக்குக் கேக்கலன்னாலும் இருக்குதுன்னு தெரியட்டும்” என்றார். ஒலிபெயர்த்த இரண்டு சொற்களையும் நடுவில் வைத்து அந்தப் பத்தி அப்படியே அச்சுக்குப் போனது.